ரொட்டர்டாம் முழுப் பலெட்டா, பக்கத்து நகரத்துக் கலப்புப் பலெட்டா?

ஜெர்மனியின் சிறு நகரமொன்றில் தமிழ்க் கடை வைத்திருப்பவருக்கு மாதச் சரக்கு எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நெதர்லாந்தின் ரொட்டர்டாம் பக்கத்து இறக்குமதியாளரிடம், ஒரே சாமானை மரத் தட்டில் அடுக்கிய முழுப் பலெட்டாக எடுப்பது. மற்றது, ஜெர்மனிக்குள்ளேயே இருக்கும் மொத்த வியாபாரியிடம் அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் கலந்து ஒரே பலெட்டில் கடனுக்கு எடுப்பது. முதலாவதில் விலை குறைவு, காசு முன்கூட்டியே கட்ட வேண்டும். இரண்டாவதில் விலை கூட, ஆனால் 30 நாள் தவணை. இந்த இரண்டையும் அரிசி மூட்டை விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் அந்த விலையே ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் இருந்து வரும் பில்லில், உங்கள் பெறுமதி சேர் வரி இலக்கத்தைக் கொடுத்திருந்தால், அந்த வரி இருக்காது. அரிசிக்கான 7 சதவீதத்தை ஜெர்மனியில் நீங்களே கணக்கில் காட்டி, அதே கணக்கிலேயே கழித்துக்கொள்வீர்கள். உள்ளூர் வியாபாரியின் பில்லிலோ 7 சதவீதம் சேர்ந்தே வரும். அதைப் பிறகுதான் வரி அலுவலகத்திடம் மீட்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் விலை வரியோடா, வரி நீங்கலாகவா என்று பலர் சொல்வதில்லை. வரியோடு 27.50 யூரோ என்றால் உண்மை விலை 25.70. வரி நீங்கலாக 27.50 என்றால் கதையே வேறு. கேட்டு உறுதிப்படுத்தாமல் ஒப்பீட்டில் இறங்காதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் விலைகளை வைத்து இதையே திருப்பிச் செய்யலாம். கடையில் மாதம் 20 கிலோ மூட்டை 24 போகிறது. ரொட்டர்டாமில் 48 மூட்டை கொண்ட பலெட், கடை வாசலுக்கு வந்து சேர மூட்டை 26 யூரோ, முன்பணம். உள்ளூரில் 24 மூட்டை, வரி நீங்கலாக 27.50, 30 நாள் தவணை, 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதக் கழிவு. இந்தக் கழிவைத்தான் இங்கே ஸ்கோண்டோ என்பார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் மூட்டைக்கு ஒன்றரை யூரோ, 48 மூட்டைக்கு 72 யூரோ மிச்சம். ஆனால் ஸ்கோண்டோவை எடுத்தால் உள்ளூர் விலை 26.95 ஆகிவிடுகிறது, வித்தியாசம் 95 சென்ட், மொத்தம் 45 யூரோ 60 சென்ட். முழுப் பலெட்டுக்கு 1,248 யூரோவை முன்கூட்டியே போட்டு இரண்டு மாதத்தில் சிறிது சிறிதாகத் திரும்ப எடுக்கிறோம். வங்கி மிகைப்பற்றுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால், உள்ளூர் வழியைவிடக் கூடுதலாக முடங்கும் பணத்துக்கு வட்டி ஏறத்தாழ 10 யூரோ. எஞ்சுவது இரண்டு மாதத்துக்கு 35 யூரோ சொச்சம்.

35 யூரோவும் காசுதான். பின்னறை காய்ந்து, காலியாக இருந்தால் அரிசியை முழுப் பலெட்டாக எடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று இங்கே குறுக்கே நிற்கிறது. ஜெர்மனியில் 2019 இல் பொதியிடலுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டில் இருந்து பொதி செய்த பொருளை வரவழைத்து, எல்லையைத் தாண்டும்போது அதற்குப் பொறுப்பாக இருப்பவர், அந்தப் பையையும் பெட்டியையும் சந்தைக்குக் கொண்டுவந்தவராகக் கருதப்படுவார். ரொட்டர்டாம்காரர் ஜெர்மன் வாடிக்கையாளருக்காக இதைப் பார்த்துக்கொள்வதில்லை என்றால் அது நீங்கள்தான். லூசிட் என்ற பதிவேட்டில் பதிந்து, மீள்சுழற்சி நிறுவனமொன்றுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். உள்ளூர் வியாபாரியிடம் எடுத்தால் இது அவர் தலைமேல் இருக்கும். பெயர்ச்சீட்டில் கட்டாய விவரங்கள் ஜெர்மன் மொழியில் இருக்கிறதா என்பதும் இதே வகைதான். இரண்டு கேள்விக்கும் ரொட்டர்டாமில் இருந்து தெளிவான பதில் வராவிட்டால் 35 யூரோவை மறந்துவிடலாம்.

அரிசிக்கு வெளியே முழுப் பலெட் எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பளமோ சேமியாவோ ஒரு பலெட் என்றால் ஆண்டு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடியப்ப மாவில் கோடை வந்தால் வண்டு பிடிக்கும். ஆக, மீதிச் சாமானுக்குக் கலப்புப் பலெட்தான். அதிலும் "கலப்பு" என்று எல்லாரும் ஒன்றைச் சொல்வதில்லை. கடைக்காரர் கேட்க வேண்டிய விதம் இப்படி:

"அண்ணை, கலப்பு எண்டால் பெட்டி பெட்டியாப் பொறுக்கலாமோ, அடுக்கடுக்காத்தான் தருவியளோ?"

"அடுக்குத்தான் தம்பி. ஒரு அடுக்குக்கு ஒரு சாமான்."

இந்தப் பதில் வந்தால் உற்சாகம் குறைய வேண்டும். தேங்காய்ப்பாலில் ஒரு அடுக்கு ஏழெட்டுப் பெட்டி, அது பரவாயில்லை. அப்பளத்தில் ஒரு அடுக்கு மாதக்கணக்கில் கிடக்கும். பெட்டிக்கணக்கில் பொறுக்கித் தருபவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவரே மேல்.

கலப்புப் பலெட்டுக்கும் அதற்கே உரிய தொல்லை உண்டு. ஓடாத சரக்கையும் தேதி கிட்டிய சரக்கையும் தள்ளிவிட அது வசதியான இடம். ஆர்டரிலேயே "குறைந்தது ஆறு மாதத் தேதி, மாற்றுச் சாமான் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். பாரமான அரிசி அடியிலும் அப்பளம் மேலேயும் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். வெளியே தெரியும் சேதத்தை ஓட்டுநரின் தாளில் எழுதிய பிறகே கையெழுத்து. உள்ளே மறைந்திருந்த சேதத்துக்கு வண்டிக்காரரிடம் ஏழு நாள் அவகாசம் உண்டு; விற்றவரிடமோ கண்ட உடனேயே சொல்லிவிட வேண்டும். வெறும் யூரோ பலெட் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அதன் விலை பில்லில் ஏறும். சரக்கை இறக்கப் பின்பக்கம் தூக்குத் தட்டு உள்ள லொறியா என்றும் முன்பே கேட்க வேண்டும். வாசலில் ஒரு தொன் அரிசியோடு லொறி நிற்கும்போது கேட்டுப் பயனில்லை.

இனிக் கடன். முதல் இரண்டு மூன்று ஆர்டருக்கு முன்பணம், கடைப் பதிவுச் சான்று, வரி இலக்கம், கடன்தகுதிப் பரிசோதனை எல்லாம் வழக்கமானவை. ஆனால் அந்த 30 நாளை முழுதாகப் பயன்படுத்துவதுதான் விலை கூடிய வழி. 1,400 யூரோ பில்லில் ஸ்கோண்டோ 28 யூரோ. அதே 1,400-ஐ வங்கியில் 20 நாளுக்கு 12 சதவீதத்தில் எடுத்தால் வட்டி 9 யூரோ 20 சென்ட்தான். மிகைப்பற்று கையில் இருந்தால் அதில் இருந்து கட்டிவிட்டுக் கழிவை வாங்குங்கள். கையில் காசு குறைவாக இருக்கும் மாதத்தில் முழுப் பலெட் அரிசியா, ஸ்கோண்டோவா என்று வந்தால் ஸ்கோண்டோவுக்கே முதலிடம். அதற்கு இடமும் வேண்டாம், வண்டும் வராது.

கடன் எல்லையைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லை 1,500, மாத பில் 1,400 என்றால், பழைய பில் கட்டும் வரை அடுத்த ஆர்டர் நகராது. ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர் வரும் கோடையில் அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு இது நேரடியாக இடிக்கும். "மாத பில்லின் இரண்டு மடங்கு எல்லை தருவியளோ, பண்டிகை மாதத்துக்கு உயர்த்துவியளோ?" என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நேரடிப் பற்று முறையில் உங்கள் வங்கிக் கணக்கில் இருந்து வியாபாரியே காசை எடுப்பதாகச் சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். சாதாரண வகையில் எட்டு வாரத்துக்குள் காசைத் திருப்பி எடுக்கலாம். நிறுவனங்களுக்கான வகையில் அந்த உரிமை கிடையாது. பலெட்டில் பாதி குறைந்து வந்த மாதத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.