உள்ளங்கால் எரிச்சல்: விரலால் தட்டுவதா, கரண்ட் டெஸ்ட்டா, ஸ்கேனா?

நரம்புப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறேன். ‘கரண்ட் டெஸ்ட்’ என்று சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில், கணுக்காலின் உட்பக்கமும் உள்ளங்காலும் எரிகிறது என்று வருபவர்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர்கள். கை மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருந்தால் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். காலில், கணுக்காலின் உட்பக்கச் சுரங்கத்தில் நரம்பு அமுங்கும் ‘டார்சல் டனல்’ கோளாறில், அப்படி இல்லை. அதனால்தான் இதை உறுதிசெய்ய ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு டாக்டர் விரலால் தட்டிப் பார்த்தே முடிவு சொல்வார். இன்னொருவர் கரண்ட் டெஸ்ட் இல்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டார். மூன்றாமவர் நேராக ஸ்கேனுக்கு எழுதுவார். இவற்றில் எது எதைச் சொல்லும், எது எங்கே காலை வாரும் என்பதை, சமீபத்தில் வந்த ஒரு அம்மாவின் காலை வைத்தே சொல்கிறேன்.

வயது 46. துணிக்கடையில் விற்பனைப் பிரிவு, நாளைக்குப் பத்து மணி நேரம் நின்றே வேலை. இடது உள்ளங்காலில் ஐந்து மாதமாக எரிச்சல். “மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு சார், ராத்திரி போர்வைக்கு வெளியே காலை நீட்டிட்டுத்தான் தூங்குறேன்” என்றார். முதலில் குதிகால் சவ்வு வீக்கம் என்று சொல்லி, செருப்புக்குள் வைக்க மெத்தை கொடுத்திருந்தார்கள். பிறகு ரத்தத்தில் மூன்று மாத சர்க்கரை 6.9 என்று வந்ததும், சர்க்கரை நரம்புக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டிலும் பெரிய மாற்றம் இல்லை.

முதலில் விரல். கணுக்காலின் உட்புறம் துருத்தி நிற்கும் எலும்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சுரங்கம் இருக்கிறது. அடியில் எலும்பு, மேலே கெட்டியான ஒரு பட்டைத் தசைநார். அதற்குள் மூன்று தசைநாண்களும், ரத்தக்குழாய்களும், கெண்டைக்கால் வழியாக இறங்கி வரும் டிபியல் நரம்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. இடம் குறைவு. உள்ளே ஏதாவது வீங்கினால் முதலில் கத்துவது நரம்புதான். 1962-ல் கெக், லாம் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக இதை விவரித்து எழுதினார்கள். அதன் பிறகுதான் டார்சல் டனல் என்ற பெயர் நிலைத்தது.

எலும்புக்குப் பின்னால் விரல் நுனியால் தட்டினால் பெருவிரல் பக்கம் சுரீரென்று மின்சாரம் ஓடுகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. இன்னொன்றை நான் அதைவிட அதிகம் நம்புகிறேன். பாதத்தை மேல்நோக்கி வளைத்து, வெளிப்பக்கம் திருப்பி, கால் விரல்களையும் மேலே மடக்கி, ஐந்து முதல் பத்து விநாடி அப்படியே பிடிப்பது. சுரங்கத்துக்குள் நரம்பு இழுபட்டு, அழுத்தமும் கூடும். நல்ல காலில் இது வெறும் இழுப்பாக மட்டும் இருக்கும். அமுங்கிய நரம்பில் அதே எரிச்சல் திரும்ப வரும். இந்த அம்மாவுக்கு ஏழாவது விநாடியில் வந்தது.

அதைவிட முக்கியம், எரிச்சல் எங்கே இருக்கிறது என்று பேனாவால் அவரையே காலில் வரையச் சொன்னதுதான். பெருவிரல், இரண்டாம் விரல், மூன்றாம் விரல், நான்காம் விரலில் பாதி. சுண்டுவிரல் சுத்தமாக விடுபட்டிருந்தது. குதிகாலும் அப்படியே. குதிகாலுக்குப் போகும் கிளை பலருக்குச் சுரங்கத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், குதிகால் தப்பித்திருப்பது சந்தேகத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. சர்க்கரை நரம்புக் கோளாறு இப்படிக் கோடு போட்டு வராது. இரண்டு கால்களிலும், எல்லா விரல் நுனிகளிலும் தொடங்கி, பாதத்தின் மேற்பக்கத்தையும் பிடித்துக்கொண்டு ஏறும். குதிகால் சவ்வு வீக்கமோ காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குத்தும். எரியவோ மதமதக்கவோ செய்யாது.

சரி, விரலே இவ்வளவு சொல்லும்போது டெஸ்ட் எதற்கு? தட்டினால் சுரீர் என்பது நல்ல காலிலும் சிலருக்கு வரும். முதுகெலும்பின் அடியில் எஸ்1 நரம்பு வேர் அழுந்தினாலும் உள்ளங்கால் எரியும். விரல் காட்டுவது இடத்தை. நரம்புக்குச் சேதம் உண்டா என்று அதற்குத் தெரியாது.

அடுத்தது என் வேலை. கரண்ட் டெஸ்ட்டில் இரண்டு விஷயங்கள் பார்ப்போம். கணுக்காலுக்குப் பின்னால் மின்தூண்டல் கொடுத்து, பாதத்தின் உட்புற வளைவில் இருக்கும் பெருவிரல் தசை எத்தனை மில்லிசெகண்டில் துடிக்கிறது என்று அளப்பது ஒன்று. உள்ளங்காலில் தூண்டிவிட்டுக் கணுக்காலுக்குப் பின்னால் நரம்பின் அலையைப் பிடிப்பது இன்னொன்று. நரம்பு அமுங்கும்போது உணர்ச்சி இழைகள் பெரும்பாலும் முந்திக்கொண்டு கெடுவதால், இரண்டாவதுதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஆனால் சிக்கலும் அங்கேதான். உள்ளங்கால் தோல் தடிமன். அலையோ சில மைக்ரோவோல்ட் மட்டும். வெறுங்காலில் நடந்து தோல் காய்த்துப்போனவர்களிடமும், வயதானவர்களிடமும், காலில் ஒரு குறையும் இல்லாமலேயே அந்த அலை கிடைக்காமல் போகும். ‘அலை வரவில்லை’ என்ற ஒரே வரியை வைத்து நோய் என்று எழுதிவிடும் ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மறுகாலிலும் வரவில்லையா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் மூன்று விஷயங்கள் இல்லாத ரிப்போர்ட்டை நான் ரிப்போர்ட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஏசி அறையில் பாதம் சில்லிட்டுக் கிடந்தால் நரம்பு மெதுவாகத்தான் ஓடும். ஒரு டிகிரி குறைந்தாலே வேகம் கண்ணுக்குத் தெரியும்படி சரியும். ஆகவே வெந்நீரிலோ விளக்குச் சூட்டிலோ பாதத்தைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் இரண்டு கால்களையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, கெண்டைக்கால் பின்பக்கமாக வந்து பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகும் சூரல் நரம்பையும் அளக்க வேண்டும். அது சுரங்கத்துக்குள் போவதில்லை. அது நன்றாக இருந்து உள்ளங்கால் நரம்பு மட்டும் கெட்டிருந்தால் கோளாறு சுரங்கத்தில் என்று சொல்லலாம். சூரலும் படுத்துவிட்டால் சர்க்கரை போன்ற பொதுக் கோளாறை முதலில் யோசிக்க வேண்டும்.

நம்ம அம்மாவுக்கு வலதுகாலில் உள்ளங்கால் அலை 5 மைக்ரோவோல்ட். இடதில் எத்தனை முறை எடுத்தும் ஒன்றும் இல்லை. பெருவிரல் தசை துடிக்க வலதில் 4.4 மில்லிசெகண்ட், இடதில் 7.1. சுண்டுவிரல் பக்கத்துத் தசை இரண்டு கால்களிலும் சமம். சூரல் இரண்டிலும் நன்றாக இருந்தது. அவர் பேனாவால் வரைந்த கோடும் என் எண்களும் டிபியல் நரம்பிலிருந்து பெருவிரல் பக்கம் போகும் ஒரே கிளையைக் காட்டின. சர்க்கரை நரம்புக் கோளாறு என்ற சீட்டு இங்கேயே ஆட்டம் கண்டது.

இதோடு ஊசி வைத்துத் தசையைப் பார்க்கும் டெஸ்ட்டும் உண்டு. பாதத்துச் சின்னத் தசைகளில் அது என்னைப் பொறுத்தவரை வலிக்குத் தகுந்த பலன் தருவதில்லை. நோயே இல்லாதவர்களின் பாதத் தசைகளிலும் கோளாறு போன்ற அலைகள் வரும். கெண்டைக்கால் தசையில் குத்திப் பார்த்தால் மட்டும் பயன் உண்டு. முதுகு வேர் கெட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கரண்ட் டெஸ்ட் நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று சொல்லலாமா? கூடாது. ஆரம்பக் கட்டத்திலும், நின்றால் மட்டும் நரம்பு அமுங்கி, படுத்தால் விடுபடும் நிலையிலும் டெஸ்ட் சுத்தமாக வரும். படுக்க வைத்துத்தானே எடுக்கிறோம்! அமெரிக்க நரம்பு-தசை மின்பரிசோதனை மருத்துவர்கள் சங்கம் 2005-ல் வெளியிட்ட மதிப்பாய்வும், இந்த டெஸ்ட் உதவும் என்றதே தவிர, எத்தனை சதவீதம் நம்பலாம் என்று எண் சொல்லப் போதிய ஆய்வு இல்லை என்றுதான் முடித்தது.

அழுத்துவது எது என்று என் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. அங்கேதான் ஸ்கேன் ஜெயிக்கிறது. அல்ட்ராசவுண்டா எம்ஆர்ஐயா என்றால், கை தேர்ந்தவர் கிடைக்கும் ஊரில் நான் முதலில் அல்ட்ராசவுண்டுக்குத்தான் போகச் சொல்வேன். செலவு குறைவு என்பது மட்டும் காரணம் இல்லை. எரியும் இடத்திலேயே கருவியை வைத்து அழுத்தி, “இங்கயாம்மா?” என்று கேட்கலாம். நிற்க வைத்தும் பார்க்கலாம். சுரங்கத்துக்குள் புடைத்த நாளங்கள் நரம்பை அழுத்தும்போது, படுத்தால் அவை வற்றிப்போய் ஒன்றுமே இல்லாதது போல் தெரியும். நின்றால் நிரம்பி மாட்டிக்கொள்ளும். எம்ஆர்ஐயில் படுத்தேதான் ஆக வேண்டும். ஆனால் எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருப்பது, எலும்புக்குள் இருக்கும் கோளாறு, ஆழத்தில் ஒளிந்திருக்கும் கட்டி ஆகியவற்றில் எம்ஆர்ஐக்கு ஈடு இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன் பல சர்ஜன்கள் அதைக் கேட்பது இதற்காகத்தான்.

ஸ்கேனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வலியே இல்லாத காலிலும் கூடுதல் தசை, புடைத்த நாளம் எல்லாம் தெரியும். படத்தில் இருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகாது.

நம் ஊர்ப் பக்கம் ஸ்கேன் பார்ப்பவர் இன்னொன்றையும் மனதில் வைத்திருப்பது நல்லது. தொழுநோய் அடிக்கடி தாக்கும் நரம்புகளில் இதே டிபியல் நரம்பும் ஒன்று. அதில் எரிச்சலைவிட மரத்துப்போவது அதிகம். கணுக்காலுக்கு மேலேயே நரம்பு கயிறு போல் தடித்துக் கைக்குத் தட்டுப்படும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும். சுரங்கத்தைத் திறந்துவிட்டு அப்புறம் கண்டுபிடிப்பதைவிட அது மேல்.

சுரங்கத்துக்குள் லிக்னோகெய்ன் என்ற மரக்கவைக்கும் ஊசி போட்டு, வலி போனால் நோய் உறுதி என்பவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த நரம்பை மரக்கவைத்தால் உள்ளங்கால் முழுக்க மரக்கும். அப்போது குதிகால் சவ்வு வலியும் போகும், முள் குத்திய வலியும் போகும்.

அம்மாவின் அல்ட்ராசவுண்டில், கணுக்காலுக்கு அடியில் இருக்கும் மூட்டிலிருந்து கிளம்பிய 14 மில்லிமீட்டர் நீர்க்கட்டி ஒன்று, பெருவிரல் பக்கம் போகும் கிளையைக் கீழிருந்து தூக்கிப் பிடித்திருந்தது. கட்டிக்கு மேலே நரம்பு வீங்கியிருந்தது. விரல், கரண்ட், ஸ்கேன் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நின்றதால் சர்ஜன் தயங்கவில்லை. காரணம் தெரியாத அழுத்தத்தைவிட, எடுக்கக்கூடிய ஒரு பொருள் அழுத்தும்போது அறுவையின் பலன் நன்றாக இருக்கும். கட்டியைக் காம்போடு எடுத்து, பட்டையையும் திறந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி என் மேஜைக்கு வந்தார். 7.1 இருந்தது 5.3 ஆகியிருந்தது. காணாமல் போயிருந்த அலை சின்னதாகத் தலைகாட்டியது. ராத்திரி எரிச்சல் போய்விட்டதாம். பெருவிரல் நுனியில் மட்டும் இன்னும் பஞ்சை மிதிப்பது போல் இருக்கிறது என்றார்.