சிவப்புக் காரும் கிம்ப்பும்: ஏழு வருடப் பாவனைக்குப் பிறகு

போன கிழமை மட்டக்களப்பிலிருந்து பழைய நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், நீ இன்னும் அந்த இலவச கிம்ப்பிலதான் வேலை செய்யிறியா? பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குள்ள புதுசா ஒண்டைச் சேர்க்கிற வேலைக்கு அது போதுமா?" இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் அதே மாதிரி ஒரு வேலையை முடித்துவிட்டு எரிச்சலோடு இருந்தேன். அதனால் இந்தப் பதிவு.

கிம்ப் ஒரு படம் திருத்தும் மென்பொருள்; அதை எங்கே இறக்குவது, எப்படிப் பழகுவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. 2018-இல் 2.10 பதிப்பு வந்ததிலிருந்து வெள்ளவத்தையில் என் சின்னக் கடையில் அதுதான் ஓடுகிறது. பழைய படங்களைத் திருத்துவதுதான் வேலை. கிழிசல், பூஞ்சணம், மஞ்சள் எல்லாம் சுலபம். இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதுதான் சோதனை.

சம்பவம் இதுதான். ஒருவர் தன் தாத்தாவின் படத்தோடு வந்தார். காலி வீதி ஓரம், கடை வாசலில் தாத்தாவும் பாட்டியும். பின்பக்கத்தில் பேனையால் 1954 என்று எழுதியிருந்தது. தாத்தாவிடம் அப்போது ஒரு மொரிஸ் மைனர் இருந்ததாம், கடும் சிவப்பு. அது படத்தில் இல்லை. "அதையும் பக்கத்தில நிப்பாட்டித் தாங்கோ, அம்மான்ட பிறந்தநாளுக்குக் குடுக்க." மச்சான் முறையான ஒருவரிடம் இன்றைக்கும் சிவப்பு மைனர் ஒன்று ஓடுகிறது என்று ஃபோனில் எடுத்த படத்தையும் காட்டினார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒன்று சொன்னேன். 1956-இல் மைனர் 1000 வரும்வரை முன்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு கம்பி. இவருடைய மச்சானின் கார் ஒரே கண்ணாடி. "அதையெல்லாம் ஆர் தம்பி பாக்கப் போயினம்?" என்றார். சரி, பணம் தருபவர் சொல்கிறார்.

காரை மட்டும் திரும்ப எடுத்து வரச் சொன்னேன். முதல் படம் நின்றபடி, கண் உயரத்தில், கிட்டப் போய் எடுத்தது. கூரை தெரிந்தது, பொனட் வீங்கியிருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிக் கமெராவை இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். தாத்தா படத்தின் அடிவானக் கோடும் அவருடைய இடுப்புக்கு நேரேதான் இருந்தது. எனவே இடுப்பு உயரத்தில், பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் நின்று, வெயில் இடப்பக்கம் விழும் நேரத்தில் எடுக்கச் சொன்னேன். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பவும் சொன்னேன். படமாக வந்தால் அது சுருக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக இருக்கும், பழைய பிலிமில் தெரிகிற பொடிப் புள்ளிகளை, அதாவது மணியை, மேலே எவ்வளவு தூவினாலும் அந்தக் கட்டம் மறையாது.

முதல் கேள்வி, சிவப்பு எவ்வளவு கறுப்பு? எல்லோரும் சறுக்குகிற இடம் இது. நானும் சறுக்கினேன். நிறத்தை நீக்கும் Desaturate கொடுத்தால் கார் ஏதோ ஒரு சாம்பல் ஆகும், ஆனால் அது பழைய பிலிம் பார்த்த சாம்பல் அல்ல. ஓர்த்தோ வகைப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, சிவந்தது எல்லாம் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும். பான்குரோமட்டிக் பிலிம் சிவப்பையும் பார்க்கும். கொடக்கின் வெரிக்குரோம் 1956-இல் பான் வகையாக மாறும்வரை ஓர்த்தோதான். ஆகவே இரண்டு வகையும் புழங்கிய காலம் என்பதால் 1954 என்ற திகதியை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது, படத்துக்குள்தான் சாட்சி தேட வேண்டும்.

பாட்டியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தேன். தலைமுடி அளவுக்குக் கறுப்பு. குங்குமம் இப்படி விழுந்தால் ஓர்த்தோதான் என்று முடிவு கட்டி, Colors > Desaturate > Mono Mixer போய், சிவப்பைப் பூச்சியமாக்கி, பச்சையும் நீலமும் மட்டும் வைத்தேன். கார் கரி வாகனம் ஆகிவிட்டது, கதவின் வளைவே தெரியவில்லை. மனம் ஒப்பவில்லை. வந்தவரிடம் கேட்டால், சிரித்துக்கொண்டு, "அம்மம்மா சாந்துப் பொட்டுத்தான் வைப்பா" என்றார். கறுப்புப் பொட்டு கறுப்பாக விழுந்ததில் என்ன அதிசயம்!

பிறகுதான் படத்தின் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற தபால் பெட்டி கண்ணில் பட்டது. தூண் மாதிரி நிற்கிற சிவப்புப் பெட்டி, அதன் நிறத்தில் சந்தேகம் வராது. கறுப்பு 0, வெள்ளை 255 என்கிற அளவில் வெயில் பட்ட பக்கம் 88 என்று காட்டியது. சிவப்பு சாம்பலாகத்தான் விழுந்திருக்கிறது, அப்படியென்றால் பான் பிலிம். Mono Mixer-இல் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கார்க் கதவின் வெயில் பக்கம் அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே வரும்போது நிறுத்தினேன். கார் தபால் பெட்டியைவிடக் கடும் சிவப்பு என்பதால் கொஞ்சம் இருட்டாக விட்டேன். வளைவும் பளபளப்பும் திரும்பி வந்தன.

அப்புறம் கறுப்பும் வெள்ளையும். பழைய பிரதியில் முழுக் கறுப்பு இருக்காது. கடைக்குள் இருட்டு 34, தாத்தாவின் வேட்டி 221. ஃபோன் படத்திலோ டயர் 6, குரோம் 255. Levels-இன் கீழ் வரிசையான Output-இல் இந்த இரண்டு எண்ணையும் போட்டால் கார் அந்தத் தெருவின் புழுதிக்குள் வந்து நிற்கும். கதவின் எண்ணும் அப்போது கொஞ்சம் ஏறும், Levels-இன் நடு முக்கோணத்தை நகர்த்தி அதைத் திரும்ப 88-க்குக் கீழே இறக்க வேண்டும். காருக்கடியில் வரைகிற நிழலும் 34-க்குக் கீழே போகக் கூடாது. நிழலைச் சுத்தக் கறுப்பில் போட்டுவிட்டு, கார் ஏன் ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று தேடுபவர்கள் அதிகம்.

கூர்மையையும் எண்ணித்தான் பார்த்தேன். பெரிதாக்கினால், கடைப் பலகையின் ஓரம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போக ஐந்து ஆறு பிக்ஸல் எடுக்கிறது. காரின் ஓரம் இரண்டே பிக்ஸலில் தாவிவிடுகிறது. இரண்டும் ஒன்றாகும்வரை Gaussian Blur போட்டுக் காரை மங்கலாக்கினேன். இதை மணிக்கு முன்னால் செய்ய வேண்டும். பின்னால் செய்தால் மணியும் சேர்ந்து கரைந்துவிடும்.

இனி மணி. ஏழு வருடமாக இந்த மென்பொருளை நான் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம் இதுதான். ஆரம்பத்தில் எல்லோரையும் போல Filters > Noise > RGB Noise போட்டுப் பார்த்தேன். தெரிவு செய்த இடத்தில் சாம்பல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை Std dev என்ற எண்ணாக Histogram பலகை சொல்லும். கடைச் சுவரில் ஒரு சின்னச் சதுரம் 8 காட்டியது, கதவிலும் 8 வரவைத்தேன். எண் பொருந்தியது, கண் ஒப்பவில்லை. காரணம் எளிது. மென்பொருள் தூவுவது ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தனித்தனிப் புள்ளி. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்த பழைய பிரதியிலோ மணி இரண்டு மூன்று பிக்ஸல் அகலத்துக்குத் திரள் திரளாகக் கிடக்கும். ஒன்று மாவு, மற்றது ரவை.

கிம்ப்பில் Grain extract, Grain merge என்று இரண்டு அடுக்கு முறைகள் பட்டியலில் கிடக்கின்றன. ஸ்கேனின் அடுக்கைப் பிரதி எடுத்து, மேலே உள்ளதை மணி மறையும் அளவுக்கு மட்டும் மங்கலாக்கி, அதன் முறையை Grain extract என்று மாற்ற வேண்டும். கீழ்ப் படத்திலிருந்து மேல்ப் படம் கழிந்து 128 கூடும். மிஞ்சுவது சமமான சாம்பலும் அதன் மேல் அந்தப் பிலிமின் சொந்த மணியும். New from Visible கொடுத்தால் அது தனி அடுக்காகிவிடும். பொருட்களின் ஓரங்களும் கோடுகளாக வரும் என்பதால் சுவர், தெரு போன்ற வெற்று இடத்தை மட்டுமே எடுக்க வேண்டும். அதை Clone தூரிகையால் கார் முழுக்கப் பரப்பி, Grain merge போட்டால் 1954-இன் மணி காரின் மேல் உட்கார்ந்துவிடும். முதன்முதலில் இதைப் பார்த்த அன்று தேநீர் ஆறிப்போனது தெரியாமல் இருந்தேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவரின் மணி நடுச்சாம்பலின் மணி. பிரதியில் கடும் இருட்டிலும் வெள்ளையிலும் மணி அடங்கியிருக்கும். டயரிலும் குரோமிலும் அதே அளவு போட்டால் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். அந்த இடங்களில் அடுக்கின் முகமூடியைப் பாதிச் சாம்பலாக்கிக் குறைத்துவிடுவேன். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்தாலும் கோலம் விழும், படத்தைச் சிறிதாக்கித் தள்ளிவைத்துப் பார்த்தால் தெரியும்.

இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு என்ன எரிச்சல்? 2.10-இல் Gaussian Blur போன்ற வடிகட்டி ஒன்றைப் போட்டால் போட்டதுதான், அது அடுக்கோடு கலந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு வந்தவர், "கார் கொஞ்சம் பெரிசாத் தெரியுது" என்றார். நூற்றுக்கு நான்கு குறைக்க வேண்டும். குறைத்தால் மங்கலும் மணியும் சேர்ந்து சுருங்கும், பக்கத்துச் சுவரோடு பொருந்தாது. எனவே Mono Mixer-இலிருந்து திரும்பத் தொடங்கினேன். இது ஒரு தடவை நடந்த கதை அல்ல, ஏழு வருடக் கதை. 2025 மார்ச்சில் வந்த 3.0-இல் வடிகட்டிகள் அழியாமல் நிற்கின்றன, அடுக்கின் பக்கத்தில் ஒரு fx குறி, திறந்து எண்ணை மாற்றலாம். உண்மைதான், பெரிய நிம்மதி. ஆனால் கடைக் கணினி பழையது. அதில் இன்னும் 2.10-தான், மாற்ற நேரம் வாய்க்கவில்லை. அதற்குக் கிம்ப்பைத் திட்டுவது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனாலும் திட்டுகிறேன்.

படத்தை அச்சுக்குக் கொடுத்தேன். தானியங்கித் திருத்தம் போட வேண்டாம் என்று சொல்லியும் முதல் பிரதி கூர்மை ஏறி மணல் கொட்டியது போல வந்தது. இரண்டாவது சரியாக வந்தது. பிறந்தநாளன்று அம்மாவின் கையில் கொடுத்தார்களாம். மணியை யாரும் பார்க்கவில்லை, சாம்பலை யாரும் பார்க்கவில்லை. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அப்பான்ட காரில முன்கண்ணாடிக்கு நடுவில ஒரு கம்பி இருக்குமே?"

அடுத்த நாள் காலையில் படம் என் மேசைக்குத் திரும்பி வந்தது. கம்பியை வரைந்து, மங்கலாக்கி, மணி போட்டு, திரும்ப அச்சு. நண்பன் கேட்டதற்குப் பதில்: மணி விஷயத்தில் இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வைக்கிறது. அதனால் 2.10-க்கு நான் தரும் புள்ளி ஐந்துக்கு இரண்டு.