பூக்கட்டும் கை, பூ விற்கும் கணக்கு: சிறு ஆய்வுக்கு ஐபிஏவா, கிரவுண்டட் தியரியா?

மதுரை மல்லியை வைத்தே இரண்டு கேள்விகள் கேட்கலாம். கணவரை இழந்தபின் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு, தான் சூடாத பூவை நாளெல்லாம் கையில் வைத்திருப்பது எப்படி இருக்கிறது? இது ஒன்று. பொழுது சாய்ந்தால் வாடிவிடும் சரக்கை வைத்துக்கொண்டு தெருவோரப் பூக்காரர்கள் விலையை எப்படிச் சமாளிக்கிறார்கள்? இது இன்னொன்று.

இரண்டுக்கும் போகவேண்டிய இடம் ஒன்றுதான்: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள். பேசப்போகிறவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள். ஆனால் முதல் கேள்விக்கு ஐபிஏ எனப்படும் பொருள்கோள் நிகழ்வியல் பகுப்பாய்வு வேண்டும். இரண்டாவதற்கு, களத் தரவிலிருந்தே விளக்கத்தைக் கட்டியெழுப்பும் கிரவுண்டட் தியரி, சுருக்கமாக ஜி.டி., வேண்டும். பலர் செய்வது தலைகீழ். முறையை முதலில் பிடித்துவிட்டு, கேள்வியை அதற்குள் திணிக்கிறார்கள். ஒரு நிகழ்வு ஒருவருக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்டால் ஐபிஏ. ஒரு காரியம் எப்படி நடக்கிறது, எந்தச் சூழலில் எப்படி மாறுகிறது என்று கேட்டால் ஜி.டி. எம்.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. மாணவருக்கு இருப்பது ஏறத்தாழ நான்கு மாதம் என்பதால், தவறாகத் தொடங்கிவிட்டுத் திரும்பிவர நேரம் இருக்காது.

முதலில் ஐபிஏ. ஜொனாதன் ஸ்மித் 1996இல் உளவியலுக்குள் கொண்டுவந்த முறை இது. ஆள் எண்ணிக்கை குறைவு, எம்.ஏ. அளவில் மூன்று பேரே போதும். வழிகாட்டி பத்துப் பேர் கேட்டால், ஒவ்வொருவரையும் தனித்தனியாக முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் அடுத்தவரிடம் போகவேண்டும் என்ற விதியை எடுத்துச் சொல்லலாம். ஆனால் அந்த மூவரும் ஒரே மாதிரியான நிலையில் இருப்பவர்களாக இருக்கவேண்டும். கணவரை இழந்த இருவரோடு, ஆள் குறைகிறதே என்று பக்கத்துக் கடைச் சுமங்கலி ஒருவரைச் சேர்த்தால் ஆய்வு அங்கேயே குலைந்துவிடும். எந்த வேறுபாடு அனுபவத்தால் வந்தது, எது நிலையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பகுப்பாய்வு எப்படி நடக்கும் என்பதற்கு, மாதிரிக்காக இப்படி ஒரு பதிலை எடுத்துக்கொள்வோம்:

“கை பாட்டுக்குக் கட்டும். கட்டிப் பந்தாச் சுத்தி வச்சதும் மோந்து பாக்க மாட்டேன். யாரும் வேணாம்னு சொல்லலை. நமக்கே ஒரு மாதிரி. பூ நம்ம கையில இருக்கு, ஆனா நம்ம பூ இல்லைல்ல.”

இதன் ஓரத்தில் மூன்று வகைக் குறிப்புகள் எழுதவேண்டும். என்ன சொல்கிறார் என்பது முதல் வகை: கட்டுகிறார், முகர்வதில்லை, யாரும் தடுக்கவில்லை. எப்படிச் சொல்கிறார் என்பது இரண்டாவது. கட்டுவது ‘கை’, ‘நான்’ வாக்கியத்துக்குள் வருவதே முகராமல் இருக்கும்போதுதான். அதுவும் வினையின் விகுதியில் ஒளிந்துகொண்டு வருகிறது. அடுத்து ‘நமக்கு’, ‘நம்ம’ என்று கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறார். யாரும் கேட்காதபோதே ‘யாரும் வேணாம்னு சொல்லலை’ என்று முன்கூட்டிச் சொல்கிறார். மூன்றாவது வகை, ஆய்வாளர் எழுப்பும் கேள்வி: தொழில் செய்யும் உடம்பையும் ஆசைப்படும் உடம்பையும் இவர் பிரித்து வைத்திருக்கிறாரா? தடை வெளியில் இருந்து வந்ததில்லை என்று சொல்வதில் ஆறுதல் இருக்கிறதா, கூடுதல் வலி இருக்கிறதா?

இந்தக் குறிப்புகளிலிருந்து அனுபவக் கூற்று ஒன்றை எழுதலாம்: ‘கையை மட்டும் வேலைக்குக் கொடுத்துவிட்டு, மணத்திலிருந்து தன்னை விலக்கி வைத்தல்.’ இப்படிக் கிடைக்கும் கூற்றுகளைத் துண்டுத் தாளில் எழுதி, தரையில் பரப்பி, ஒன்றோடொன்று சேர்வதைச் சேர்த்தால் அந்த ஒருவருக்கான கருப்பொருள்கள் வரும். மூவருக்கும் இதை முடித்த பிறகே குழுவுக்கான கருப்பொருள்கள். நூலகத்தில் இருக்கும் 2009 பதிப்பில் இந்தப் படிகளுக்கு வேறு பெயர்கள் இருக்கும். 2022 பதிப்பில் மாற்றினார்கள். எதைப் பின்பற்றினாலும் ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது, அந்த ‘நம்ம’. பதிலை ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டுப் பகுப்பாய்ந்தால் அது காணாமல் போய்விடும். ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு என்ற பிரிவினை ஆங்கிலத்தில் இல்லை. எனவே பேச்சுத்தமிழை அப்படியே எழுத்தாக்கி, குறிப்பெழுதுவதையும் தமிழிலேயே செய்து, அறிக்கையில் சேரும் மேற்கோள்களை மட்டும் மொழிபெயர்ப்பதுதான் சரி. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குமேல் ஒருவருக்கு ஒரு வாரம் என்று பகுப்பாய்வுக்கு ஒதுக்குங்கள்.

ஐபிஏ சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. கருப்பொருள்கள் ‘பொருளாதாரச் சிக்கல்’, ‘சமூகத்தின் பார்வை’, ‘குடும்ப ஆதரவு’ என்று வரிசையாக நிற்கும். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தால் அதே தலைப்புகள் அதே வரிசையில் இருக்கும். கேட்டதையே திருப்பி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சோதிக்க எளிய வழி: கருப்பொருளின் பெயரைத் துவரம்பருப்பு வியாபாரிகள் பற்றிய ஆய்வுக்குத் தூக்கி வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது இந்தப் பெண்ணிடமிருந்து வரவில்லை.

இனி கிரவுண்டட் தியரி. கிளேசரும் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் இறப்பை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடையே செய்த ஆய்விலிருந்து எடுத்து, 1967இல் முறையாக எழுதியது. பிற்பாடு இருவரும் பிரிந்தார்கள். ஸ்ட்ராஸ் கோர்பினோடு சேர்ந்து ஒரு வழி போனார். பிறகு சார்மாஸ் இன்னொரு வழியை வகுத்தார். சார்மாஸ் வழி என்று எழுதிவிட்டு, ஸ்ட்ராஸ்–கோர்பினின் வகைகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் ‘ஆக்ஸியல் கோடிங்’கையும் விளக்கமில்லாமல் நடுவில் செருகினால் வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சார்மாஸ் வழியில் ஒரு சௌகரியம், கோடுகளை, அதாவது தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் இடும் பெயர்களை, செயலாக எழுதச் சொல்வது. தமிழில் தொழிற்பெயர் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. முதல் இரண்டு பூக்காரர்களிடம் பேசியதும் ‘காலையில் விலையைப் பிடித்து வைத்தல்’, ‘வாடிக்கைக்கு எடுத்து வைத்தல்’, ‘மிஞ்சியதைக் கதம்பத்தில் சேர்த்தல்’ என்று கோடுகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிடும்போது ஒரு முரண் தட்டுப்படுகிறது. ஒருவர் மாலை ஆறு மணிக்கு மேல் முழம் விலையைக் குறைக்கிறார். இன்னொருவர் விலையைத் தொடுவதே இல்லை. முழத்தைத் தாராளமாக அளக்கிறார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளப்பவர், மாலையில் விரல்நுனியைத் தாண்டி ஒரு சாண் விட்டுக் கிள்ளுகிறார்.

அன்றைக்கே, தேதி போட்டு, ஒரு மெமோ எழுதவேண்டும்: ‘இரண்டாமவர் இறக்குவது அளவில், சொல்லும் விலையில் இல்லை. இவருக்கு வாடிக்கைக்காரர்கள் அதிகம். இன்று குறைத்துக் கொடுத்தால் நாளை அதே விலைக்கு நிற்பார்கள் என்பது காரணமா? அப்படியென்றால் வாடிக்கையே இல்லாத இடத்தில் விலை நேரடியாக இறங்கவேண்டும்.’ அடுத்து யாரிடம் போகவேண்டும் என்பதை இந்த மெமோ சொல்லிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வாசலில், வந்துபோகும் பயணிகளுக்கு விற்பவர். அவருக்குப் பிறகு, கமிஷன் கடையில் கடனுக்குப் பூ எடுப்பவர். அன்றைக்கே கணக்கு முடிக்கவேண்டியவரால் விலையைப் பிடித்து வைக்க முடிகிறதா என்று பார்க்க. இப்படி மூன்று சுற்றுப் போனால் ‘நாளைய விலையைக் காத்தல்’ என்ற மையக்கருத்து உருவாகலாம். அதற்கு எந்த நிபந்தனையில் எந்த உத்தி என்பதையும் சொல்ல வரும்.

ஆளைத் தேடும் இந்த முறைதான், கோட்பாட்டு வழி மாதிரித் தேர்வுதான், ஜி.டி.யின் உயிர். மாணவர் ஆய்வுகளில் முதலில் செத்துப்போவதும் அதுதான். கல்லூரி விடுமுறையில் ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டு, பிறகு உட்கார்ந்து கோடிங் செய்தால் திரும்பிப்போக வழியில்லை. மெமோக்களின் தேதியே காட்டிக்கொடுத்துவிடும்: எல்லாம் கடைசி நேர்காணலுக்குப் பிந்தியவையாக இருக்கும். ‘செறிவு வந்துவிட்டது’ என்பதற்கும் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள் என்று பொருளில்லை. புதிதாகப் பேசுகிறவர் அந்த மையக்கருத்துக்குப் புதுப் பண்போ புது நிபந்தனையோ தரவில்லை என்றால்தான் செறிவு. மார்கழியில் மட்டும் களத்துக்குப் போனவர் அதைச் சொல்லவே கூடாது. பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிக்கிடக்கும் காலத்தில், மிஞ்சிய பூவை என்ன செய்வது என்ற கவலையே அரிது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நெறிமுறைக் குழுவுக்குக் கேள்விகளை முன்கூட்டிக் கொடுத்தாக வேண்டும், ஜி.டி.யிலோ சுற்றுக்குச் சுற்று கேள்வி மாறும், ஆளும் மாறுவார். விண்ணப்பத்திலேயே, ‘பகுப்பாய்வுக்கு ஏற்ப இந்த எல்லைக்குள் கேள்விகளும் பங்கேற்பாளர் வகையும் மாறும்’ என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

நேரத்தை வைத்துப் பார்த்தால், ஐபிஏவுக்கு மேசை நேரம் அதிகம், ஜி.டி.க்குக் களத்துக்கும் மேசைக்கும் இடையே அலைச்சல் அதிகம். பூக்காரர்கள் வியாபாரத்துக்கு நடுவே இருபது நிமிடம் பேசுவார்கள், கை கட்டிக்கொண்டே இருக்கும், ஜி.டி.க்கு அது போதும், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் தரவுதான். ஐபிஏவுக்கு அது உதவாது. தான் சூடாத பூவைப் பற்றி ஒரு பெண், பக்கத்துக் கடைக்காரர் காதில் விழும்படி பேசமாட்டார். முகூர்த்த நாள் அல்லாத ஒரு பிற்பகலில், அவர் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ, முழுதாக ஒரு மணி நேரம் வேண்டும்.

மேலூர், உசிலம்பட்டி பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வருகிற மாணவர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை களத்துக்குத் திரும்ப முடியுமென்றால் ஜி.டி. எடுக்கலாம், பத்துப் பன்னிரண்டு பேரோடு அளவான ஒரு விளக்கம் வரும். ஒரே முறைதான் போக முடியும் என்றால், கைவசமுள்ள தரவுக்குள்ளேயே தொடர்ந்து ஒப்பிட்டுச் செய்த சுருக்க வடிவம் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால் சாதாரணக் கருப்பொருள் பகுப்பாய்வுக்குப் போய்விடலாம். அதில் மானக்கேடு எதுவும் இல்லை.

ஐபிஏ எடுப்பவர்கள் அறிக்கை எழுதும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றே பேர், நீளமான மேற்கோள்கள், ஒரே மார்க்கெட். பெயரை மாற்றிவிட்டு, ‘இரண்டு மகள்கள், தெற்குக் கோபுரம் பக்கம் பதினெட்டு வருஷமாகக் கடை’ என்று எழுதினால் அந்த வீதியில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். இடத்தையும் வருஷத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பொதுப்படையாக்கிவிட்டு, அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை அவரிடமே வாசித்துக் காட்டி, எதை எடுக்கச் சொல்கிறாரோ அதை எடுத்துவிடுங்கள்.