குளோன் தேடற டூல், ரெண்டு வருஷம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு கூட்டத்தோட போட்டோவ அனுப்பி, இதுல ஆளுங்கள காப்பி பண்ணி நிரப்பியிருக்காங்களான்னு உன் டூல்ல போட்டு சொல்லுடான்னான். அந்த டூல் பத்தி ரெண்டு வருஷமா மனசுல இருக்கறத இப்பவே எழுதிடறேன்.

படத்த சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு, ஒரே மாதிரி இருக்கற கட்டங்கள கோடு போட்டு காட்டும், அதான் அதோட வேலை. ஆனா வெளுத்துப்போன வானம் இருந்தா போச்சு, அங்க பிக்சல் எல்லாம் ஒரே வெள்ளை, எதுவும் எதோடயும் பொருந்தும், மேல் பாதி முழுக்க கோடு. வரிசையா ஜன்னல், கிரில் இருந்தாலும் இதே கதைதான். டீடெயில் ஸ்லைடர ஏத்தினா வானம் அடங்கிடும், ஆனா மங்கலான மேகத்த நிஜமாவே யாராவது காப்பி பண்ணியிருந்தா அதுவும் சேர்ந்து காணாம போயிடும். இன்னிக்கு வரைக்கும் இதுக்கு நடுவுல ஒரு அளவு எனக்கு சிக்கல.

இந்த படத்துலயும் பாதி கோடு குப்பை. ஆனா கூட்டத்துக்குள்ள மட்டும் ஒரு இருபது கோடு, எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு. அதுதான் பாக்க வேண்டியது, தற்செயலா பொருந்தினா கோடு ஆளுக்கொரு திசையில போகும், ஒரு துண்ட அப்படியே தூக்கி வெச்சா எல்லா கட்டமும் ஒரே தூரம் நகர்ந்திருக்கும்.

உடனே கிம்ப்ங்கற போட்டோ எடிட்டர்ல திறந்து லேயர டூப்ளிகேட் பண்ணி, ரெண்டு லேயரும் ஒத்துப்போற இடம் கறுப்பாகற டிஃபரன்ஸ் மோடுல வெச்சு, 412 பிக்சல் இடது, 36 கீழ நகர்த்தினேன். கலங்கலா இருந்துச்சு, ஒண்ணும் தெளிவா இல்ல. சாட்ல வந்த சுருங்குன காப்பி அது, மறுபடி கம்ப்ரஸ் ஆனதுல ரெண்டு இடமும் வேற வேற மாதிரி கெட்டுப்போயிருக்கு. ஒரிஜினல் ஃபைல மெயில்ல அனுப்புடான்னு கேட்டு வாங்கி, தூரத்த அந்த சைஸுக்கு கணக்கு போட்டு நகர்த்தினேன், கை தூக்கின நீல சட்டைக்காரர், அவர் தோளுக்குப் பின்னாடி தெரிஞ்ச பாதி காது, பக்கத்துல இருந்த தொப்பி, எல்லாம் சேர்ந்து அப்படியே கறுப்பா போச்சு. சுத்தி இருந்தவங்க மட்டும் கலர் கலரா நின்னாங்க. நிஜமாவே ரெண்டு பேர் ஒரே மாதிரி நின்னிருந்தா கூட கேமராவோட நாய்ஸ் ஒண்ணா இருக்காது, இவ்ளோ கறுப்பு வரவே வராது. பின்வரிசையில இருந்தவர்தான் காப்பி, ஏன்னா தூரத்துல நின்னும் அவர் தலை முன்னாடி இருக்கறவர் சைஸ்லயே இருந்துச்சு. அந்த கறுப்பு வந்த நிமிஷம் கிடைச்ச சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது.

2006ல ராய்ட்டர்ஸ் வாபஸ் வாங்கின பெய்ரூட் புகை போட்டோவுல ஒரே புகைச்சுருள் திரும்பத் திரும்ப வந்தத ஜனங்க வெறும் கண்ணாலயேதான் புடிச்சாங்க. வேற படத்துல இருந்து வெட்டி ஒட்டினா இந்த டூலுக்கு சுத்தமா தெரியாது, லேசா திருப்பியோ சின்னதாக்கியோ வெச்சாலும் கட்டம் பொருந்தாம தவற விட்டுடும். இந்த தடவ சரியான இடத்த காட்டினது அதுதான், ஒத்துக்கறேன். ஆனா யாராவது இன்ஸ்டால் பண்ணலாமான்னு கேட்டா வேணாம்னுதான் சொல்வேன், டிஃபரன்ஸ் லேயர பழகிக்கோங்க.