கால் கம்பார்ட்மென்ட்கள்: அட்டவணையா, குறுக்குவெட்டுப் படமா?

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகளை ரிவிஷன் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று அட்டவணை: ஒவ்வொரு கம்பார்ட்மென்டுக்கும் தசை, நரம்பு, தமனி என்று வரிசையாக எழுதுவது. மற்றொன்று, நடுக்காலைக் குறுக்கே வெட்டினால் தெரிவதை வெறும் தாளில் வரைவது. இரண்டையும் செய்துவிட்டு நான் படத்தோடு நின்றுவிட்டேன்.

அட்டவணை சீக்கிரம் முடியும். டிபியாலிஸ் ஆன்டீரியர் முன்பக்கம், டீப் பெரோனியல் நரம்பு, ஆன்டீரியர் டிபியல் தமனி. பின்பக்கம் முழுக்க டிபியல் நரம்பு. இதற்கெல்லாம் அதுவே போதும்.

சிக்கல் வெளிப்பக்கக் கம்பார்ட்மென்டில்தான். பெரோனியஸ் லாங்கஸ், பிரெவிஸ், சூப்பர்ஃபிஷியல் பெரோனியல் நரம்பு என்று எழுதிவிட்டுத் தமனிக் கட்டத்தில் 'பெரோனியல் தமனி' என்று நிரப்பிவிடுவோம். பெயர் பொருந்துகிறதே! ஆனால் அந்தத் தமனி ஓடுவது பின்பக்கத்து ஆழப் பகுதியில், ஃபிபுலாவை ஒட்டி. அதன் கிளைகள்தான் தடுப்புச் சவ்வைத் துளைத்துக்கொண்டு வெளிப்பக்கத்துக்கு வருகின்றன. மேல்பாதிக்கு ஆன்டீரியர் டிபியல் தமனியின் கிளைகளும் உதவுகின்றன. படத்தில் வெளிப்பக்க அறைக்குள் நரம்புக்கு ஒரு புள்ளி விழும், பெரிய தமனிக்கு விழாது. கட்டம் காலியாக இருக்கலாம் என்பதை அட்டவணை ஒப்புக்கொள்வதே இல்லை.

இதைவிட முக்கியம், உள்ளே நுழையும் பாதை. அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நரம்பும் தமனியும் சேர்ந்தே வருவதாகத் தோன்றும். முன்பக்கத்தில் அப்படி இல்லை. தமனி முழங்காலுக்குப் பின்னாலிருந்து, இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வின் மேல்விளிம்பைத் தாண்டி முன்னே வருகிறது. காமன் பெரோனியல் நரம்போ ஃபிபுலாவின் கழுத்தை வெளிப்புறமாகச் சுற்றி வந்து, அங்கே டீப், சூப்பர்ஃபிஷியல் என இரண்டாகப் பிரிகிறது.

ஃபிபுலாவின் கழுத்தில் அடிபட்டு அந்த நரம்பு செயலிழந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாதத்தை மேலே தூக்க முடியாது, முன்பக்கம் போய்விட்டது. வெளிப்புறமாகத் திருப்பவும் முடியாது, வெளிப்பக்கமும் போய்விட்டது. ஆனால் உட்புறமாகத் திருப்ப முடியும். டிபியாலிஸ் போஸ்டீரியருக்கு டிபியல் நரம்பு இருக்கிறது. அப்புறம், பாதத்தின் மேல் டார்சாலிஸ் பீடிஸ் நாடி வழக்கம்போல் துடிக்கும், தமனி வேறு வழியில் வந்ததால். உட்புறமாகத் திருப்புவதும் பலவீனமாக இருந்தால், ஃபிபுலாவை விட்டு எல்5 நரம்பு வேரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குறுக்குவெட்டு மட்டும் பாதையைக் காட்டாது. அதன் ஓரத்தில் முழங்காலிலிருந்து வரும் இரண்டு கோடுகளையும் வரைந்துகொள்ள வேண்டும். தசைகளின் தொடக்கம், முடிவு இரண்டுக்கும் நான் இன்னும் அட்டவணையைத்தான் புரட்டுகிறேன். கொள்குறி வினா மட்டுமே வரும் தேர்வு என்றால் அட்டவணையே போதுமாக இருக்கலாம். வைவாவில் அது போதவில்லை.