ஐந்து ஏக்கர், மூன்று வழி: குறுவை-தாளடி, சம்பா-உளுந்து, கூடுதல் குத்தகை

டெல்டாவில் சொந்தமாக ஐந்து ஏக்கர் நஞ்சையும் ஒரு பம்புசெட்டும் வைத்திருப்பவருக்கு மே மாதம் பிறந்ததும் ஒரு கேள்வி வரும். இந்த வருஷம் குறுவை போட்டு, பின்னால் தாளடியும் நடுவதா, அல்லது ஒரே சம்பாவோடு நிறுத்தி அதன் தாளில் உளுந்து தெளிப்பதா? பக்கத்து வயல் குத்தகைக்கு வந்தால் அதையும் எடுப்பதா? இவற்றில் எது அதிகப் பணம் தரும் என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, எவ்வளவு வந்தால் போதும் என்பதும், கூடுதலாக வரும் பணத்துக்கு எத்தனை நாள் கொடுக்கிறோம் என்பதும்.

போதும் என்பதை முதலில் எண்ணாக்க வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி பக்கத்தில் அரிசியைச் சொந்தக் களத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு மாதம் 8,000 என்றால் வருஷத்துக்கு 96,000. படிப்புக்கு 40,000, மருந்து மாத்திரைக்கு 18,000, மொய், சீர், விசேஷத்துக்கு 30,000, வீடு, வண்டி, பம்புசெட் பழுதுக்கு 16,000. ஆக 2 லட்சம். மொய்யை முழுச் செலவாக எழுதினால் கணக்கு கொஞ்சம் ஊதும், அதில் ஒரு பங்கு திரும்பி வரும் பணம். ஆனால் வரும் வருஷம் நம் கையில் இல்லை என்பதால் எழுதிவைப்பதே பாதுகாப்பு.

பலரும் விட்டுவிடுவது இதற்கு மேல் வரும் ஒரு செலவை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை சம்பா மழையில் போகும் என்று வைத்தால், ஏக்கருக்கு 28,000 சாகுபடிச் செலவில் ஐந்து ஏக்கருக்கு 1,40,000 நஷ்டம். அதை நாலால் வகுத்து, வருஷம் 35,000 ஒதுக்க வேண்டும். இதைச் சேர்த்தால் போதும் என்ற எண் 2,35,000. இதை ஒதுக்காதவர், தப்பித்த வருஷத்துப் பணத்தை உபரி என்று நினைத்துச் செலவழித்துவிட்டு, மூழ்கின வருஷம் நகையை அடகு வைப்பார்.

இனி மூன்று வழிகள். இவை மாதிரி எண்கள்தான், உங்கள் ஊர் விளைச்சலையும் கூலியையும் போட்டுக்கொள்ளுங்கள். நெல்லுக்கு 2025-26 கொள்முதல் விலை சாதாரண ரகம் குவிண்டால் 2,500, மூட்டை 60 கிலோ.

சம்பாவில் ஏக்கருக்கு 30 மூட்டை கண்டால் 45,000 வரவு, செலவு போக 17,000. தாளில் தெளித்த உளுந்து இரண்டு குவிண்டால் வந்து, 7,000 வீதம் விற்று, செலவு 4,000 போனால் 10,000. சேர்த்து 27,000. குறுவையில் 35 மூட்டை என்றால் 52,500, செலவு போக 20,000. தாளடி 26 மூட்டையோடு நின்றால் 39,000 வரவில் மிச்சம் 9,000. சேர்த்து 29,000. தாளடி அறுப்பு பிந்தினால் உளுந்து தெளிக்கத் தை மாதம் தப்பிவிடும். மாசியில் தெளித்த உளுந்துக்குப் பனியும் இல்லை, ஈரமும் இல்லை, பூ உதிரும். எனவே இரண்டு போகம் போடுபவர் நிஜமாகக் கூடுதலாகப் பெறுவது ஏக்கருக்கு 2,000. ஐந்து ஏக்கருக்கு 10,000.

அந்த 10,000-க்கு எத்தனை நாள்? நாற்றங்கால், நடவு நாள், களை, தெளிப்பு இவற்றைத்தான் எல்லோரும் எண்ணுவார்கள். முறைப்பாசனத்தில் நம் முறை நடு ராத்திரி வந்தால் மடையில் நிற்பதும், உரத்துக்கு அலைவதும், ஐப்பசி மழையில் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கும்வரை கொள்முதல் நிலையத்தில் படுத்துக்கிடப்பதும் கணக்கில் வராது. எல்லாவற்றையும் அரை நாள், முழு நாள் என்று ஒரு நோட்டில் குறித்தால், கூடுதலாக 60 நாள் என்பது சுலபமாக வந்துவிடும். 10,000-ஐ 60 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 170 ரூபாய்கூட முழுதாக வராது. அந்தக் கூலிக்கு உங்கள் வயலுக்கு வேறு யாராவது வருவார்களா?

இதை வைத்துக் குறுவையே கூடாது என்று சொல்லிவிட முடியாது. 40 மூட்டை கண்டு, செலவு 33,000-த்தில் நின்றால் மிச்சம் 27,000 ஆகும். அப்போது கூடுதல் வருமானம் 45,000, நாளுக்கு 750 ரூபாய். ஆகவே கேள்வி தண்ணீரில் போய் நிற்கிறது. ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பது வழக்கம்தான். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். 2023-ல் ஜூன் 12-க்கே திறந்தும் கடைமடையில் குறுவை கருகியது. நல்ல நிலத்தடி நீர் உள்ள தலைமடைக்காரரும் உப்புநீர் ஏறும் வேதாரண்யம் பக்கத்துக்காரரும் ஒரே கணக்கைப் போட முடியாது.

மூன்றாவது வழி, மூன்று ஏக்கர் குத்தகை. சம்பா-உளுந்துக்கு 27,000 மிச்சம், அதில் குத்தகை பத்து மூட்டை, அதாவது 15,000 போனால் ஏக்கருக்கு 12,000. மூன்று ஏக்கருக்கு 36,000. நடவும் அறுப்பும் சொந்த வயலோடு சேர்ந்தே நடப்பதால் கூடுதல் நாள் 40 போதும், நாளுக்கு 900. நாள் கணக்கைப் பார்த்தால் குறுவையை விட இதுதான் மேல். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வாய்மொழிக் குத்தகைக்கு அடங்கல் எடுப்பது பாடு. அது இல்லாமல் பயிர்க் காப்பீடும் கொள்முதலும் இழுபறி. பயிர் மூழ்கினாலும் குத்தகை நிற்காது. தவிர, இந்த 40 நாளும் ஏற்கெனவே உடம்பு முறியும் நாட்களின் மேல்தான் வந்து விழும்.

உடம்பையும் இங்கேதான் கணக்கில் சேர்க்க வேண்டும். 16 லிட்டர் தெளிப்பானை நிரப்பினால் 20 கிலோவுக்கு வந்துவிடும், அதை முதுகில் போட்டுச் சேற்றில் நடக்க வேண்டும். காலில் சேற்றுப்புண் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அதுவே வாசல். சர்க்கரை இருப்பவருக்கு அந்தப் புண் ஆறவும் ஆறாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது, ஆனால் வாங்கினவர் பதினைந்து நாள் களத்தில் கிடந்தால் மாத்திரை மாடத்திலேயே இருக்கும். நடவு முதல் அறுப்பு வரை மாத்திரை விட்டுப்போன நாளையும் அதே நோட்டில் குறித்தால், ஒரு போகம் என்ன விலை கேட்கிறது என்று தெரியும்.

நம் மாதிரிக் குடும்பத்துக்குச் சம்பா-உளுந்தில் 1,35,000, இரண்டு மாட்டில் 48,000, மகன் அனுப்புவது 60,000, ஆக 2,43,000. போதும் என்ற கோட்டுக்கு 8,000 மேலே. இவர்கள் குறுவையை விடலாம் என்பதே எங்கள் கருத்து. மீதமுள்ள 8,000-ஐயும் சேமிக்காமல், சம்பாவுக்கு ட்ரோன் தெளிப்புக்கும் மடை பார்க்க ஆளுக்கும் கொடுத்துவிடலாம். ஒரு லட்சம் நகைக்கடன் இருக்கும் வீட்டுக்குக் கணக்கு மாறும். அவர்கள் தண்ணீர் நிச்சயமான இரண்டு ஏக்கரில் மட்டும், கடன் தீரும் வருஷத்தை முன்பே எழுதிவைத்துக் குறுவை போடலாம். கடன் தீர்ந்த பின்னும் வழக்கத்துக்காக விதை வாங்கப் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

உளுந்து பக்கம் போகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. மேலே உள்ள 10,000 தானாக வராது. அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ தெளிக்க வேண்டும். மெஷின் அறுப்பென்றால் தடத்தில் நசுங்குவதை ஈடுகட்ட 12 கிலோ. தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. பூக்கும்போது ஒன்றும், பதினைந்து நாள் கழித்து ஒன்றுமாக 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பதைத் தவறவிட்டால் காய் பிடிப்பு குறையும். விளைச்சல் ஒரு குவிண்டாலில் நின்றால் மிச்சம் 3,000-தான். அந்த வருஷம் ஐந்து ஏக்கருக்கு 35,000 குறைந்து, இந்தக் குடும்பம் கோட்டுக்கு 27,000 கீழே போய்விடும். எனவே தையில் வயலுக்குப் போக முடியாத வேலை இருப்பவர், உளுந்து வருமானத்தைப் பாதியாக வைத்தே போதும் கணக்கைப் போட வேண்டும்.