பீரோவுக்குப் பின்னால் இருந்த 600 மில்லி செகண்ட்

இந்த மே மாதம் மூன்று வாரம் சேலத்தில் இருந்தேன். மாம்பழம், கல்யாணம், ஏற்காடு எல்லாம் நன்றாகவே முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது எங்கள் செவ்வாய்ப்பேட்டை வீட்டு இணையத்தைப் பற்றி. அதற்காக நான் போட்ட சண்டையையும், அந்தச் சண்டையில் நான் தோற்றதையும் சொல்லியாக வேண்டும்.

விடுமுறை போதாததால் கடைசி இரண்டு வாரம் ஊரிலிருந்தே வேலை செய்வதாக ஆபீசில் சொல்லியிருந்தேன். டொராண்டோவில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அம்மா தட்டுவடை செட் வாங்கி வைத்துவிட்டு, "பேசி முடிச்சிட்டு வா கண்ணு" என்று மாடிக்கு அனுப்பிவிடுவார். முதல் நாள் மீட்டிங்கிலேயே என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்ததாம். முகம் உறைந்து நிற்கும். பத்து நொடி கழித்து மூன்று வாக்கியம் ஒரே மூச்சில் போய் விழும். ஆனால் வேகச் சோதனை போட்டால் நல்ல எண்தான் காட்டியது. தரவு வருகிறது, ஆனால் நேரத்துக்கு வரவில்லை. பேச்சுக்கு வேகத்தைவிட இந்த நேரம்தான் முக்கியம்.

எனக்குச் சந்தேகமே இல்லை. லைன் சரியில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்கு ஊர் இணையத்தைப் பற்றி வேறு எப்படித் தோன்றும்? மூன்று நாளில் மூன்று புகார் பதிவு செய்தேன். ஒவ்வொரு முறையும் "இங்கே எல்லாம் சரியாகக் காட்டுகிறது சார், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற அதே பதில். "கனடாவில் இப்படி இருந்தால்..." என்று நான் ஆரம்பித்ததும் மறுமுனையில் ஒரு நீண்ட மௌனம். கனடாவில் மட்டும் என்ன? காலை எட்டிலிருந்து மதியம் பன்னிரண்டுக்குள் ஆள் வருவார் என்று சொல்லி அரை நாள் உட்கார வைப்பார்கள். இங்கே மூன்றாவது புகாருக்கு ஒரு மணி நேரத்தில் பைக்கில் ஒரு தம்பி வந்து நின்றான். இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வந்தவன் கம்பத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. "அண்ணா, லேப்டாப்பை எங்க வெச்சுப் பேசுவீங்களோ அங்கயே வெச்சுத் திறங்க" என்றான். மாடி அறைக்குப் போனோம். விண்டோஸின் கறுப்புத் திரையைத் திறந்து `ipconfig` என்று அடித்தான். அதில் Default Gateway என்ற வரியில் 192.168.1.1 என்று இருந்தது. அதுதான் நம் வீட்டு ரவுட்டரின் உள்முகவரி. வீட்டுக்கு வீடு இது மாறும். அதனால்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு இதை அடித்தான்:

```
ping -t 192.168.1.1
```

"நெட்டை விடுங்கண்ணா. மொதல்ல இந்த ரூம்லேருந்து கீழ இருக்கற பெட்டி வரைக்கும் போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாப்போம்" என்றான். பிங் செய்வது அவ்வளவுதான்: ஒரு சின்னத் தரவுப் பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வரும்வரை கடிகாரம் பார்ப்பது. `-t` போட்டால் நாம் Ctrl+C அழுத்தும்வரை நொடிக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் ஓடியது இது:

```
Reply from 192.168.1.1: bytes=32 time=3ms TTL=64
Reply from 192.168.1.1: bytes=32 time=214ms TTL=64
Request timed out.
Reply from 192.168.1.1: bytes=32 time=5ms TTL=64
Reply from 192.168.1.1: bytes=32 time=638ms TTL=64
```

நான் வாயை மூடிக்கொண்டேன். நல்ல வைஃபையில் ரவுட்டர் வரை போய்வர இரண்டு மூன்று மில்லி செகண்ட் போதும். கம்பியில் ஒன்றுகூட ஆகாது. இங்கே சில பொட்டலம் அறுநூறு எடுக்கிறது, சில திரும்பவே இல்லை. கம்பெனியின் லைனை இந்தப் பொட்டலங்கள் தொடவே இல்லை. என் வீட்டு மாடிப்படியைத் தாண்டுவதற்குள்ளேயே தொலைந்துவிட்டன.

அடுத்ததாக இன்னொரு திரையில், வெளியே இருக்கும் கூகுள் சர்வருக்கு `ping -t 8.8.8.8` போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டான். வெளியே போகிற ஒவ்வொரு பொட்டலமும் முதலில் ரவுட்டரைக் கடந்துதான் ஆக வேண்டும். அதனால் வீட்டுக்குள் ஆகும் தாமதம் வெளி எண்ணிலும் சேர்ந்தே வரும். ரவுட்டர் 3 காட்டும் சமயத்தில் வெளியே 17 காட்டியது. ரவுட்டர் குதிக்கும் இடத்திலெல்லாம் வெளியும் குதித்தது. அப்படியென்றால் கம்பெனியின் பங்கு அந்தப் பதினான்கு பதினைந்துதான். இரண்டு திரையிலும் போவது ஒரே பொட்டலம் இல்லை என்பதால் வரிக்கு வரி கழித்துப் பார்க்கக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் விட்டு மொத்தப் போக்கைப் பார்க்க வேண்டும்.

நான் சும்மா விடவில்லை. "ரவுட்டரே பழசா இருந்தா?" என்று கேட்டேன். பெட்டி கம்பெனி கொடுத்தது. அப்படியாவது அவர்கள் தலையில் கட்டலாமே. அவன் அதே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே போனான். பின்னாலேயே போனேன். அங்கேதான் அந்தக் காட்சி. கூடத்து மூலையில் தாத்தா காலத்து இரும்பு பீரோ. அதற்கும் சுவருக்கும் நடுவே, தூசு படாமலிருக்க அம்மா மடித்துப் போர்த்திய பழைய துண்டுக்கு அடியில், ரவுட்டர். துண்டு சூடு ஏற்றும், அவ்வளவுதான்; அலையைத் தடுப்பது பீரோவின் இரும்பு. அதைத் தாண்டினால் ஒன்றரை அடிச் செங்கல் சுவர். கடைத்தெரு என்பதால் சுற்றி இருக்கிற எல்லார் வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சாயங்காலம் எல்லாரும் டிவியைப் போட்டதும் கூட்டம் இன்னும் கூடும். அலை பலவீனமானால் பொட்டலத்தை ரேடியோ திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அந்த மறுமுயற்சிகள்தான் 214 ஆகவும் 638 ஆகவும் தெரிகின்றன.

பீரோவுக்குப் பக்கத்தில் நின்று அதே பிங்கை ஓட்டினான். 2, 2, 3, 2. ரவுட்டர் நல்லாத்தான் இருக்கிறது, லேப்டாப்பும் நல்லாத்தான் இருக்கிறது. கெட்டது நடுவில் உள்ள காற்று. இதை என் போனிலேயே பார்த்திருக்கலாமே என்றேன். போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையை அடிக்கடி தூங்கவைக்கும். நல்ல சிக்னலிலும் நூறு மில்லி செகண்ட் காட்டி ஏமாற்றும் என்றான். இன்னொன்றும் சொன்னான்: ரவுட்டருக்குப் பொட்டலம் கடத்துவதுதான் முதல் வேலை, பிங்குக்குப் பதில் சொல்வது கடைசி வேலை. ரவுட்டர் எண் எப்போதாவது ஒரு தடவை எகிறி, அதே சமயம் வெளி எண் எகிறாமல் இருந்தால், அது சோம்பேறித்தனம், கண்டுகொள்ள வேண்டாம்.

பெட்டியை நகர்த்த பைபரை மறுபடி இழுத்து ஒட்ட வேண்டும். அதற்கு வேறு ஆள், வேறு நாள். அதற்குப் பதில் மாடிப்படி ஓரமாகப் பதினைந்து மீட்டர் லேன் கேபிள் ஓட்டி என் மேஜையில் கொண்டுவந்து விட்டான். பிங் `time<1ms` என்று வந்தது. ஒயருக்கான காசு மட்டும் வாங்கினான். தட்டுவடை சாப்பிடச் சொன்னதற்கு "இன்னும் நாலு வீடு இருக்குங்கண்ணா" என்று பைக்கை எடுத்தான்.

கதை அங்கே முடிந்திருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு நாள் கழித்து, ஞாயிறு ஏற்காடு போய்வந்த மறுநாள், மீட்டிங்கில் மறுபடி கிணற்றுக் குரல். இந்த முறை நான் தயார். இரண்டு திரையையும் திறந்தேன். ரவுட்டர் `time<1ms`, அசையவில்லை. 8.8.8.8 மட்டும் 690, 720, 705. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். "வீடு சுத்தம். இப்ப உங்க லைன்தான்."

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, வீட்டுல ஏதாச்சும் மேல ஏறிட்டு இருக்கா?"

ஏறிக்கொண்டுதான் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் பிள்ளைகள் வீடியோ எடுத்திருந்தார்கள். வைஃபை கிடைத்ததும் இரண்டு போனும் அத்தனையையும் தானாகவே மேகக் கணக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நிறுத்தினேன். ஐந்தாறு நொடியில் 700 என்பது 15க்கு இறங்கியது.

பிங் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பாகப் படித்தேன். வெளியே போகிற பொட்டலங்கள் ரவுட்டரின் தெரு வாசலில் வரிசை கட்டி நிற்கும். அம்மாவின் பழைய திட்டத்தில் மேலே ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ். வரிசையில் ஒரு மெகாபைட் சேர்ந்தாலே அது எட்டு மெகாபிட். கரைய முக்கால் நொடிக்கு மேல் ஆகும். என் குரலும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஆனால் ரவுட்டருக்கே போகிற பிங்குக்கு அந்த வாசலைத் தாண்டும் வேலையே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே ரவுட்டர் பதில் சொல்லி அனுப்பிவிடும். ஆகவே ரவுட்டர் எண் மோசமென்றால் குற்றம் நிச்சயம் வீட்டுக்குள். ரவுட்டர் எண் நன்றாக இருந்து வெளி எண் மோசமென்றால், வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்த பிறகுதான் கம்பெனிக்குப் போன் போடலாம். நான் மூன்று தடவை போட்ட மாதிரி அல்ல.

டொராண்டோவோடு பேசும்போது 250 மில்லி செகண்ட் போல ஆவதை யாரும் பெரிதாகக் குறைக்க முடியாது. ஒளியே கண்ணாடி இழைக்குள் நொடிக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போகவர இருபத்தேழாயிரம் கிலோமீட்டர் என்றால் கேபிள் நேர்கோட்டில் போனாலும் நூற்று முப்பத்தைந்து வந்துவிடும். அந்தத் தாமதம் ஒரே சீராக இருந்தால் பேச்சு கெடுவதில்லை. குதிப்பதுதான் கெடுக்கும்.

மூன்று புகாரையும் "வாடிக்கையாளர் வீட்டு வைஃபை" என்று காரணம் போட்டு மூடிவிட்டார்கள். கோபம்தான் வந்தது. ஆனால் திரும்பி வந்த மறுவாரம், டொராண்டோ வீட்டு நிலவறையில் என் மேஜையில் உட்கார்ந்து `ping -t 192.168.0.1` அடித்துப் பார்த்தேன். ரவுட்டர் மேலே, சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிறது. 4, 181, 6, 240. நான்கு வருடமாக இந்த ஊர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.